ஒற்றைத் திரி என்ன சொல்கிறது?

நிஃப்டியின் தினசரி சார்ட்டை 2012 அக்டோபர் வரை பின்னால் நகர்த்திப் பாருங்கள். 5-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. அக்கம்பக்கத்துக் கேண்டில்களைவிடப் பல மடங்கு நீளமாக ஒரே ஒரு கோடு கீழே இறங்கியிருக்கும். அன்று 5,800-ஐ ஒட்டித் தொடங்கிய நிஃப்டி 4,888 வரை சரிந்து, மாலையில் 5,747-க்கு வந்து முடிந்தது. தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் எழுபது புள்ளி கூட இல்லை. கீழே தொங்கும் திரியோ எண்ணூறு புள்ளிக்கு மேல். பாடப்புத்தக இலக்கணப்படி பார்த்தால் இது அப்பழுக்கில்லாத டிராகன்ஃபிளை டோஜி. “விற்றவர்கள் கீழே இழுத்தார்கள், வாங்குபவர்கள் முழுப்பலத்தோடு மேலே கொண்டுவந்தார்கள், இனி ஏற்றம்தான்” என்று யாரும் வாசித்துவிடலாம்.

நடந்தது வேறு. ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறுதலாக 59 ஆர்டர்கள் போய்விட்டன. அவற்றால் 650 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரமாகி, சில நொடிகளில் குறியீடு ஏறக்குறைய 15 சதவீதம் விழுந்தது. வர்த்தகம் கால் மணி நேரம் போல நின்றது. பிறகு விலைகள் தாமாகவே பழைய இடத்துக்கு வந்தன. அங்கே வீரமாக வாங்கிய கூட்டம் எதுவும் இல்லை, மனம் மாறிய விற்பனையாளரும் இல்லை. அதன்பின் அந்த மாதம் முழுக்க நிஃப்டி ஏறக்குறைய 5,600-க்கும் 5,750-க்கும் இடையில் அலைந்துகொண்டிருந்தது. அந்த நீளத் திரி எதையும் முன்னறிவிக்கவில்லை.

டோஜி கேண்டில்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் இதைத்தான் நான் காட்டுவேன். திரி எவ்வளவு நீளம் என்பதைச் சார்ட்டே காட்டிவிடுகிறது. அது எதனால் உண்டானது, எந்த இடத்தில் உண்டானது என்பதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். இந்த வடிவங்களை நம்பலாமா என்ற கேள்விக்கு விடை கிடைப்பது அங்கேதான்.

சார்ட் பார்த்துப் பழக்கம் இல்லாதவர்களுக்காக இரண்டு பத்தி. ஒரு நாள் வியாபாரத்தில் ஒரு பங்குக்கு நான்கு விலைகள் முக்கியம்: தொடங்கிய விலை, அன்றைய உச்சம், அன்றைய அடி, முடிந்த விலை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட பகுதியைக் கட்டமாக வரைவார்கள். அதுதான் கேண்டிலின் உடல். முடிவு மேலே என்றால் பச்சை, கீழே என்றால் சிவப்பு. உடலுக்கு வெளியே உச்சத்துக்கும் அடிக்கும் நீளும் மெல்லிய கோடுகள் திரிகள். விக் என்பார்கள், ஷேடோ என்றும் சொல்வதுண்டு. தொடங்கிய விலையிலேயே வந்து முடிந்தால் உடல் வெறும் கிடைக்கோடாகிவிடும். அதற்குப் பெயர் டோஜி. கோடு மேலே நின்று, திரி முழுவதும் கீழே தொங்கினால் டிராகன்ஃபிளை, அதாவது தும்பி. கோடு அடியில் கிடந்து, திரி முழுவதும் மேலே நின்றால் கிரேவ்ஸ்டோன், கல்லறைக் கல். முதலாவது நாளின் உச்சத்திலேயே தொடங்கி உச்சத்திலேயே முடிகிறது. இரண்டாவது அடியிலேயே தொடங்கி அடியிலேயே முடிகிறது.

இந்த வகைச் சார்ட் ஜப்பானிய அரிசிச் சந்தையிலிருந்து வந்தது. ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-இல் அரசின் அங்கீகாரம் கிடைத்தது. சகாதா ஊரின் அரிசி வியாபாரி ஹொம்மா முனெஹிசாவின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவரே கேண்டில் வரைந்தார் என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. ஜப்பானுக்கு வெளியே இதைப் பரப்பியது ஸ்டீவ் நிஸன் என்ற அமெரிக்கர் 1991-இல் எழுதிய புத்தகம். இன்று நம் கைபேசிச் செயலிகள் பலவற்றில் கேண்டில்தான் முதலில் திறக்கிறது.

சரி, ஒற்றைத் திரி உண்மையில் சொல்வது என்ன? டிராகன்ஃபிளையை எடுத்துக்கொள்வோம். பங்கு தொடங்கியது, கீழே போனது, திரும்ப வந்தது. கீழ்விலையில் அது நிலைக்கவில்லை. அந்த விலையில் விற்க வந்த பங்கு முழுவதையும் எடுத்துக்கொள்ள யாரோ இருந்தார்கள், அதன்பின் அதே விலைக்கு விற்க ஆள் குறைந்துவிட்டது. இவ்வளவுதான் செய்தி. வாங்கியது யார் என்பது திரியில் இல்லை. நீண்டகால முதலீட்டாளர் வாங்கியிருக்கலாம். காலையில் விற்று வைத்த ஷார்ட்காரர்கள் மதியம் கணக்கை முடிக்கத் திரும்ப வாங்கியிருக்கலாம். முன்னவர் நாளைக்கும் வருவார். பின்னவருக்கு நாளை சந்தையில் வேலை இல்லை. இரண்டு நாளிலும் கேண்டில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. டிராகன்ஃபிளை நாளில் வாங்குபவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று சொல்வது மிகை. அவர்கள் அன்றைய இழப்பை ஈடுகட்டினார்கள், அவ்வளவே. முந்தைய நாள் 417-இல் முடிந்த பங்கு இன்று 412-இல் இறக்கமாகத் தொடங்கி, 395 வரை போய், 412-க்கே திரும்பினால் டிராகன்ஃபிளை அழகாக வந்திருக்கும். ஆனால் கையில் பங்கு வைத்திருப்பவர் நேற்றைவிட ஐந்து ரூபாய் நட்டத்தில்தான் இருக்கிறார். கேண்டில் அன்றைய தொடக்கத்திலிருந்து மட்டுமே கணக்குப் பார்க்கும். இரவில் நடந்த இறக்கம் அதன் உடலிலும் இல்லை, திரியிலும் இல்லை. அதனால் முந்தைய நாள் முடிவுக்குச் சார்ட்டில் ஒரு கிடைக்கோடு இழுத்துப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

தொடக்கமும் முடிவும் சமம் என்ற நிபந்தனையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பைசா பிசகாமல் சமமாவது அரிது. அதனால் உடல் மொத்த நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் டோஜி என்று எடுத்துக்கொள்வார்கள், கறாரானவர்கள் இருபதில் ஒரு பங்கு என்பார்கள். எதிர்ப்பக்கத் திரியும் அதே அளவு சின்னதாக இருக்க வேண்டும். இந்த எல்லையில் நிற்கும் கேண்டில்களுக்கு முடிவு விலை இரண்டு மூன்று ரூபாய் மாறினாலே பெயர் மாறிவிடும். அந்த முடிவு விலை எது என்பதுதான் சிக்கல்.

தேசியப் பங்குச் சந்தையில் நெடுநாளாக உள்ள முறைப்படி, ஒரு பங்கின் அதிகாரபூர்வ முடிவு விலை என்பது மூன்றரை மணிக்கு நடந்த கடைசி வியாபாரத்தின் விலை அல்ல. கடைசி அரைமணி நேரத்து வியாபாரங்களின் எடையிட்ட சராசரி. மேலே சொன்ன பங்கு மூன்று மணிக்கு 406-இல் இருந்து, அரைமணியில் 412-க்கு ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வியாபாரம் 412. சராசரியோ 409 பக்கம் வரும். கடைசி விலையை வைத்து வரையும் செயலியில் அது டிராகன்ஃபிளை. அதிகாரபூர்வ விலையை எடுத்துக்கொள்ளும் செயலியில் மூன்று ரூபாய் சிவப்பு உடல் உள்ள வேறொரு கேண்டில். மாலை நான்கு மணிக்கு டோஜியாகத் தெரிந்தது இரவில் பார்க்கும்போது டோஜியாக இல்லாமல் போவதும் இதனால்தான். “என் சார்ட்டில் டோஜி, உன் சார்ட்டில் இல்லையே” என்று இருவர் சண்டை போட்டால், இருவரும் சரியாகவே பார்த்திருக்கலாம். அதனால் பெயருக்காக அடித்துக்கொள்வதில் எனக்கு ஆர்வம் இல்லை. அடித்திரி நீளம், உடல் சின்னது, முடிவு உச்சத்தை ஒட்டி என்றால் டிராகன்ஃபிளை என்றோ ஹேமர் என்றோ எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

இந்த வடிவங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தாமஸ் புல்கோவ்ஸ்கி என்ற அமெரிக்கர் கேண்டில் வடிவங்களை ஆயிரக்கணக்கில் எண்ணி 2008-இல் ஒரு கலைக்களஞ்சியமே வெளியிட்டார். டிராகன்ஃபிளைக்குப் பிறகும் கிரேவ்ஸ்டோனுக்குப் பிறகும் விலை திசை மாறியது அவர் எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. நாணயம் சுண்டினாலும் அதே விடைதான் வரும். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், மார்ஷல், யங், ரோஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் டோ ஜோன்ஸ் குறியீட்டுப் பங்குகளின் பத்தாண்டுத் தரவை வைத்துக் கேண்டில் வடிவங்களைச் சோதித்தார்கள். அவற்றை மட்டும் நம்பி வியாபாரம் செய்வதால் ஆதாயம் இல்லை என்பது அவர்கள் முடிவு.

இதைக் கேட்டவுடன் சார்ட்டை மூடிவைத்துவிடுபவர்கள் உண்டு. அவர்கள் அவசரப்படுகிறார்கள் என்பேன். எங்கே வந்தாலும் டோஜி டோஜிதான் என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு எண்ணினால் பாதிக்குப் பாதி வருவது இயல்புதான். சார்ட்டில் வரும் டோஜிகளில் பெரும்பாலானவை நடுவழியில் வருபவை. மேலும் இல்லை, கீழும் இல்லை என்று பங்கு சோம்பிக் கிடக்கும் வாரத்தில் வரும் டோஜி, சந்தை சோம்பலாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அது நமக்கு முன்பே தெரியும்.

எந்த இடத்தில் வந்தால் பொருள் கூடுகிறது என்பதற்குக் காரணம், ஆர்டர்கள் எங்கே குவிந்து கிடக்கின்றன என்பதில் இருக்கிறது. ஒரு பங்கு 398 ரூபாயில் இரண்டு முறை தாங்கி நின்று திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சப்போர்ட்டை நம்பி வாங்கியவர்கள் எல்லோரும் ஸ்டாப்லாஸை எங்கே வைத்திருப்பார்கள்? 397-இல், 396-இல். விலை 398-ஐ உடைத்தவுடன் அந்த ஸ்டாப்லாஸ்கள் வரிசையாக விற்பனை ஆர்டர்களாக மாறும். “உடைந்துவிட்டது, இனி கீழேதான்” என்று ஷார்ட் அடிப்பவர்களும் அதே இடத்தில் வருவார்கள். சில நிமிடங்களுக்கு அங்கே விற்பவர்கள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். பெரிய அளவில் வாங்க நினைக்கும் ஒருவருக்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது. சாதாரண நாளில் லட்சம் பங்கு வாங்கப் போனால் விலையை அவரே ஏற்றிவிடுவார். இங்கே கேட்பதெல்லாம் கிடைக்கும்.

அப்படி விற்பனை முழுவதும் உறிஞ்சப்பட்டு விலை 398-க்கு மேல் திரும்பிவிட்டால், நிலைமை தலைகீழ். விற்க வேண்டியவர்கள் விற்று முடித்துவிட்டார்கள். ஷார்ட் அடித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள், அவர்கள் வெளியே வர வாங்கியே ஆக வேண்டும். நாளைக்கும் வாங்குவதற்கு ஒரு கட்டாயம் உருவாகிவிட்டது. சப்போர்ட்டைத் துளைத்துவிட்டு மேலே வந்து முடிந்த டிராகன்ஃபிளைக்கு நடுவழி டிராகன்ஃபிளையைவிட மதிப்பு அதிகம் என்பதற்கு இதுதான் காரணம். கிரேவ்ஸ்டோனுக்கும் இதே கதைதான். பழைய உச்சத்தை உடைத்ததும் பிரேக் அவுட் என்று பாய்ந்து வாங்கியவர்கள் மேலே மாட்டிக்கொள்வார்கள்.

இடத்தோடு இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, வந்த வழி. திரும்புவதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்தால்தானே திரும்ப முடியும்? பத்துப் பதினைந்து நாளாக இறங்கி வந்த பங்கில் டிராகன்ஃபிளை வந்தால் கேட்கலாம். நீண்ட ஏற்றத்தின் உச்சியில் வந்தால் அதே வடிவம் எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும், ஏனென்றால் அவ்வளவு உயரத்தில் ஒரு பெரிய விற்பனை வந்துபோயிருக்கிறது. இரண்டாவது, அளவு. கடந்த 14 நாட்களின் சராசரி நாள்வீச்சை ஏடிஆர் என்று எல்லாச் செயலிகளும் காட்டும். அந்தச் சராசரியைவிடக் கேண்டில் குட்டையாக இருந்தால் அதன் திரி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நான் கண்டுகொள்வதில்லை. ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் நின்று பார்ப்பேன். வியாபார அளவும் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் நல்லது. பங்குகளுக்கு டெலிவரி சதவீதத்தையும் சந்தை அன்றன்றே வெளியிடுகிறது. கைமாறியதில் எவ்வளவு பங்கை டெலிவரி எடுத்துக்கொண்டார்கள் என்பது அது. டிராகன்ஃபிளை நாளில் அந்தச் சதவீதம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால், வெறும் ஷார்ட் கவரிங்காக மட்டும் இருந்திருக்காது என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம்.

நாள் முழுவதையும் ஒரே கோட்டில் அடைத்த கேண்டிலை உள்ளே திறந்து பார்க்கவும் வழி இருக்கிறது. அதே நாளின் பதினைந்து நிமிடச் சார்ட்டுக்குப் போனால் போதும். காலை பத்து மணிக்குள் அடியைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து படிப்படியாக ஏறி மாலையில் உச்சத்தில் முடிந்ததா? ஐந்து மணி நேரம் தொடர்ந்து வாங்கியிருக்கிறார்கள், நல்லது. மூன்று மணி வரை அடியிலேயே கிடந்து கடைசி அரைமணியில் துள்ளி எழுந்ததா? அன்றன்றே கணக்கு முடிக்கும் ஷார்ட்காரர்களுக்கு அது கெடு நேரம். அந்தத் துள்ளல் நாளைக்குத் தொடரும் என்று நம்ப எதுவும் இல்லை. இரண்டுமே தினசரிச் சார்ட்டில் ஒரே டிராகன்ஃபிளைதான்.

எல்லாம் கூடிவந்தாலும் தோற்கும் நேரம் உண்டு. 2020 மார்ச் 13 காலையில் நிஃப்டி தொடங்கிய சில நிமிடங்களிலேயே பத்து சதவீதம் விழுந்து, வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. அடி 8,555. மீண்டும் திறந்தபின் ஏறிய ஏற்றத்தில் மாலை 9,955-இல் முடிந்தது. இது டோஜி அல்ல, கீழே நீளத் திரியோடு பெரிய பச்சை உடல். டிராகன்ஃபிளையைவிடப் பலமான கேண்டில் என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்லும். சனி, ஞாயிறு கழிந்து திங்களன்று நிஃப்டி 9,197-இல் முடிந்தது. அடுத்த வாரம் 24-ஆம் தேதி 7,511-ஐத் தொட்டது. இத்தனைக்கும் 13-ஆம் தேதி வாங்கியவர்கள் பொய்யானவர்கள் இல்லை, உண்மையாகவே வாங்கினார்கள். கோவிட் செய்தி நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தபோது அவர்கள் பணம் போதவில்லை. உலகச் செய்தி ஒன்று சந்தையை இழுத்துக்கொண்டிருக்கும் நாட்களில் ஒற்றைக் கேண்டிலின் பேச்சு எடுபடாது. இன்னொரு வேடிக்கை, நிஜமான அடி விழுந்த 24-ஆம் தேதி டிராகன்ஃபிளை வரவே இல்லை. மேலும் கீழும் இரண்டு பக்கமும் திரி நீண்ட டோஜிதான் வந்தது.

இந்தக் கேண்டில்களை அறவே நம்பக்கூடாத இடங்களும் சில உண்டு. நாளுக்கு நூறு வியாபாரம்கூட நடக்காத குட்டிப் பங்குகளில் ஒரே ஆர்டர் திரியை வரைந்துவிடும். ஐந்து சதவீத வரம்புக்குள் ஆடும் பங்கு அப்பர் சர்க்கியூட்டில் தொடங்கி, இடையில் இறங்கி, மறுபடி சர்க்கியூட்டில் போய் ஒட்டிக்கொண்டால் டிராகன்ஃபிளை போலவே தெரியும். முடிவு உச்சத்தில் இருப்பதற்குக் காரணம் அதற்கு மேல் போக விதி இடம் தராததுதான். ஐந்து நிமிடச் சார்ட்டில் ஒரு நாளைக்கே 75 கேண்டில்கள், அவற்றில் டோஜிகளுக்குப் பஞ்சமே இராது. அங்கே இவற்றைத் துரத்துவது தரகுக்கட்டணத்துக்கு உழைப்பது. இருபத்துநாலு மணி நேரமும் நடக்கும் அந்நியச் செலாவணியிலும் கிரிப்டோவிலும் நாள் எப்போது முடிகிறது என்பதே செயலிக்குச் செயலி வேறு. ஒரு நேர மண்டலத்தில் கிரேவ்ஸ்டோனாக நிற்பது இன்னொன்றில் இரண்டு கேண்டிலாகப் பிரிந்து கிடக்கும். நன்றாகக் கைமாறும் பங்குகளின் தினசரி, வாரச் சார்ட்டுகளில்தான் இந்த வடிவங்களுக்குக் கொஞ்சம் மரியாதை.

இனி நம் 398 ரூபாய்ப் பங்கை வைத்துக் கணக்குப் போடுவோம். கற்பனைப் பங்குதான், ஆனால் இப்படிப்பட்டவை அடிக்கடி வரும். 462-லிருந்து இரண்டு வாரமாக இறங்கி, நேற்று 417-இல் முடிந்தது. இன்று தொடக்கம் 412, உச்சம் 413, அடி 395, முடிவு 412.50. நீளம் 18 ரூபாய், உடல் அரை ரூபாய். சராசரி நாள்வீச்சு 10 ரூபாய் என்பதால் இது ஏறக்குறைய இரு மடங்கு. வியாபார அளவும் கூடியிருக்கிறது. 398-ஐத் துளைத்துவிட்டு மேலே வந்து முடிந்திருக்கிறது. கேட்டதெல்லாம் இருக்கிறது, நாளை காலை வாங்கலாமா?

அடுத்த நாள் விலை டிராகன்ஃபிளையின் உச்சமான 413-ஐத் தாண்டினால்தான் வாங்குவது என்பது வழக்கமான எச்சரிக்கை. 414-இல் வாங்குகிறோம். ஸ்டாப்லாஸ் திரியின் நுனிக்குக் கீழே, 394. ஒரு பங்குக்கு 20 ரூபாய் பணயம். மேலே போனால் முதல் தடை எங்கே? போன வாரம் உடைந்த இடம் 438. கிடைக்கக்கூடியது 24 ரூபாய். இருபதைப் பணயம் வைத்து இருபத்துநாலுக்கு ஆசைப்படுகிறோம். பாதிக்குப் பாதி ஜெயித்தால் சராசரியாகப் பங்குக்கு இரண்டு ரூபாய் மிஞ்சும். வாங்கும்போதும் விற்கும்போதும் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், மற்ற சில்லறைக் கட்டணங்கள் என்று ஒரு ரூபாய் போய்விடும்.

இந்தக் கேண்டில்களில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது இந்த முரண்தான். திரி நீளமாக இருப்பதால்தான் அதை மதிக்கிறோம். அதே நீளம்தான் ஸ்டாப்லாஸைத் தூரத்துக்குத் தள்ளி, வியாபாரத்தைக் கட்டுப்படி ஆகாமல் செய்கிறது. சிலர் இதற்குப் பயந்து ஸ்டாப்லாஸை 405-க்கு ஏற்றிக்கொள்வார்கள். திரியின் நடுவில் ஸ்டாப்லாஸ் வைப்பதில் தர்க்கம் இல்லை. அந்த வட்டாரத்தில் விலை நேற்றே இருமுறை போய்வந்திருக்கிறது, மறுபடி போனால் கதை தப்பு என்று ஆகிவிடாது. 395-க்குக் கீழே போனால்தான் தப்பு.

ஸ்டாப்லாஸை நகர்த்தாமல் வாங்கும் அளவைக் குறைப்பது நேர்மையான வழி. மூன்று லட்சம் மூலதனம், ஒரு வியாபாரத்தில் அதிகபட்சம் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் போனால் போகட்டும் என்று முடிவு செய்தால், 20 ரூபாய்ப் பணயத்துக்கு 150 பங்கு. அதற்கு 62,100 ரூபாய். கையில் மூன்று லட்சம் இருக்கிறதே என்று 700 பங்கு வாங்கியவர் 395 உடைந்தால் 14,000 ரூபாயை ஒரே நாளில் விடுவார்.

இன்னொரு வழி, பொறுத்திருந்து திரியின் பாதிவழியில் வாங்குவது. 412-க்கும் 395-க்கும் நடுவில், 404 பக்கம் விலை திரும்பி வந்தால் வாங்கலாம். பணயம் 10 ரூபாய், கிடைக்கக்கூடியது 34. தாளில் இது பிரமாதமாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு தொல்லை உண்டு. உண்மையிலேயே பலமாகத் திரும்பிய பங்குகள் 404-க்கு வராமலே போய்விடும். வருபவற்றில் பலவீனமானவை அதிகம் கலந்திருக்கும். ஆக, நல்ல விலை கிடைக்கிறது, ஆனால் நல்ல பங்குகள் வலையில் விழுவது குறைகிறது. பாதியை 414-இலும் பாதியை 404-இலும் என்று பிரித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை சண்டையில்லாத ஏற்பாடு அதுதான்.

கிரேவ்ஸ்டோனுக்கு இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டு ஷார்ட் அடிக்கலாம் என்று புத்தகங்கள் சொல்லும். நம் ஊர் நடைமுறை அதற்கு இடம் கொடுப்பதில்லை. ரொக்கச் சந்தையில் சாதாரண முதலீட்டாளர் ஷார்ட் அடித்தால் அன்றே முடித்தாக வேண்டும். கிரேவ்ஸ்டோனோ சந்தை மூடும்போதுதான் உருவாகிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் காத்திருக்க வேண்டுமானால் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போக வேண்டும். அது வேறு ஆபத்து. அதனால் நம்மில் பலருக்குக் கிரேவ்ஸ்டோனின் பயன், ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் பங்கை என்ன செய்வது என்பதில்தான்.

300 ரூபாய்க்கு வாங்கிய பங்கு ஏறி ஏறி 376-க்கு வந்திருக்கிறது, போன வருட உச்சம் 380 என்று வையுங்கள். இன்று 377-இல் தொடங்கி, 380-ஐ உடைத்து 391 வரை போய், 377.50-இல் முடிந்தது. அடி 376. சராசரி நாள்வீச்சு 8 ரூபாய், இன்றைக்கு 15. பிரேக் அவுட் என்று 382 முதல் 390 வரை வாங்கியவர்கள் எல்லோரும் இந்த நிமிடம் நட்டத்தில் இருக்கிறார்கள், நாளை விலை கொஞ்சம் ஏறினாலும் “போட்டது வந்தால் போதும்” என்று விற்கக் காத்திருப்பார்கள். 380-க்கு மேல் ஒரு விற்பனைச் சுவர் உருவாகியிருக்கிறது. இப்போதே எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டியதில்லை. பாதிக்குப் பாதிதான் என்று மேலே பார்த்தோமே, அடுத்த நாளே சுவர் உடைவதும் நடக்கும். கிரேவ்ஸ்டோனின் அடிக்குக் கீழே, 375-இல் பாதிப் பங்குக்கு ஸ்டாப்லாஸை ஏற்றி வைக்கலாம். மீதிக்குப் பழைய ஸ்டாப்லாஸே இருக்கட்டும். 375 உடைந்தால் பங்குக்கு 75 ரூபாய் லாபத்தோடு பாதி வெளியே வந்துவிடும். உடையாமல் நின்று, பிறகொரு நாள் 391-க்கு மேல் முடிந்துவிட்டால், மாட்டிக்கொண்டிருந்தவர்கள் விற்றதையெல்லாம் யாரோ வாங்கி முடித்துவிட்டார்கள் என்று பொருள். அன்றோடு அந்தக் கிரேவ்ஸ்டோன் காலாவதி. அந்தப் பாதிக்கான ஸ்டாப்லாஸையும் 375-லிருந்து எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, பங்கைத் தன் போக்கில் விடலாம்.